‘கொஞ்சம் மாத்தி எழுதுங்க’ என்றால் எதை மாற்றுவது?

“அக்கா, கட்டுரை கிடைச்சது. நல்லா இருக்கு. ஆனா எங்க குழுவுக்கு முழுத் திருப்தி இல்ல. இன்னும் கொஞ்சம் சுவாரசியமா, ஷார்ட்டா மாத்தி எழுதித் தர முடியுமா? சீக்கிரம் கிடைச்சா உதவியா இருக்கும். நன்றி அக்கா.”

பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் ஒன்றின் ஆண்டு மலருக்குப் பொறுப்பேற்ற மாணவர், கட்டுரை எழுதிக் கொடுத்தவருக்குப் புலனத்தில் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. அக்கா என்று அழைக்கிறார், நன்றியும் சொல்கிறார். ஆனால் இதை எத்தனை முறை படித்தாலும் எழுத்தாளருக்கு மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்காது. எது நன்றாக இருக்கிறது? எது சுவாரசியமாக இல்லை? சீக்கிரம் என்றால் எந்தக் கிழமை?

விடை தெரியாதவர் ஊகித்துத்தான் எழுதுவார். நன்றாக இருந்த பகுதியை வெட்டிவிட்டு, வெட்ட வேண்டிய பகுதிக்கு அலங்காரம் சேர்ப்பார். இரண்டாம் வரைவு முதல் வரைவைவிட மோசமாக வரும். அச்சகத்துக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது, மாணவர் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தானே திருத்தி எழுதுவார். மலர் வெளிவந்த பிறகு, தான் எழுதாத வரிகள் தன் பெயரில் வந்திருப்பதை எழுத்தாளர் பார்ப்பார். அடுத்த ஆண்டு மன்றத்திலிருந்து அழைப்பு வந்தால் அவர் எடுக்க மாட்டார்.

மன்ற மலருக்குக் கட்டுரை, கலை இரவுக்குப் பதாகை, காணொலிக்கு வசனம் என்று வெளியாரிடம் கட்டணம் பேசி வேலை கொடுப்பது நம் மாணவர்களிடையே இன்று சாதாரணமாகிவிட்டது. வேலை கொடுப்பவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. எழுதிக் கொடுப்பவருக்கு நாற்பது இருக்கலாம். வயதில் மூத்தவரிடம் குறை சொல்ல வாய் வராமல், ‘கொஞ்சம்’, ‘இன்னும்’, ‘முடிந்தால்’ என்ற சொற்களுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். அதை மரியாதை என்றும் நினைத்துக்கொள்கிறோம். எழுதுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இரண்டு நாள் வேலை வீணாவதற்கான வழி.

முதல் வரைவு ஒன்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

வரைவில் இருந்தது என்ன?

மலரின் கருப்பொருள் நம் நாட்டுத் தமிழ்க்கல்வி. முன்பு நாளிதழில் பணியாற்றி, இப்போது வீட்டிலிருந்தபடி எழுதித் தரும் ஓர் எழுத்தாளரிடம் ஒரு கட்டுரை கேட்கப்பட்டது. பேசிய கட்டணம் 300 ரிங்கிட். அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான்: “தமிழ்ப்பள்ளி வரலாறு, 1,000 சொல், இரண்டு பக்கம், ஒரு படம் வரும்.” வரைவு 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. 1,460 சொல் இருந்தது.

முதல் மூன்று பத்திகள், ஏறக்குறைய 310 சொல், தமிழ்மொழியின் தொன்மையைப் பேசின. பள்ளி என்ற சொல்லே நான்காம் பத்தியில்தான் வந்தது. அங்கே “1816இல் பினாங்கில் முதல் தமிழ்ப்பள்ளி தொடங்கப்பட்டது” என்று ஒரு வரி. பிறகு, தோட்டப் பள்ளியில் படித்த ஒரு பாட்டியின் பேட்டி. விடியலில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, ஈரக்காலோடு பள்ளிக்கு ஓடியதை அவர் ஐந்தே வரியில் சொல்லியிருந்தார். அடுத்து, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் போட்டிகளில் பெற்ற வெற்றிகளின் பட்டியல், 260 சொல். கடைசிப் பத்தியில், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் ‘மொழிக்குத் துரோகம் செய்கிறார்கள்’ என்று ஒரு வாக்கியம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எழுத்துப்பிழைகளும் இருந்தன.

பதில் எழுதுவதற்கு முன்

முதல் முறை படிக்கும்போது பேனாவைக் கையில் எடுக்க வேண்டாம். மலரை வாங்கும் ஒருவர் படிப்பதைப் போல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படியுங்கள். எந்த இடத்தில் மனம் ஒட்டியது, எந்த இடத்தில் கண் தானாக வரிகளைத் தாண்டியது என்பதை மட்டும் கவனியுங்கள். நம் எடுத்துக்காட்டில் கண் தாண்டிய இடங்கள் இரண்டு: தொடக்கமும் வெற்றிப் பட்டியலும். ஒட்டிய இடம் ஒன்று: பாட்டி.

இரண்டாம் முறை, நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு குறையையும் பார்த்து, ‘இதை நாம் முன்பே சொன்னோமா?’ என்று கேளுங்கள். 1,000 சொல் என்று சொல்லியிருக்கிறோம், 1,460 வந்திருக்கிறது. அது எழுத்தாளர் சரிசெய்ய வேண்டியது. ஆனால் ‘மொழியின் தொன்மை வேண்டாம், ஒரு மனிதரின் கதையில் தொடங்குங்கள்’ என்று நாம் எங்கும் சொல்லவில்லை. அந்தக் குறை நம் குறிப்பில் இருக்கிறது. பதில் எழுதும்போது அதை நம்முடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எழுதப்படும் பதிலில், நம் தவறுக்கும் சேர்த்து எழுத்தாளர் பழி சுமப்பார். அது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது குழு. செயலவையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கருத்து வரும். ஒருவர் பட்டியல் நீளமாக வேண்டும் என்பார், இன்னொருவர் பட்டியலே வேண்டாம் என்பார். எழுத்தாளரையும் புலனக் குழுவில் சேர்த்துவிட்டு, ஆளாளுக்குக் கருத்துச் சொல்லவிடுவதுதான் மாணவர் மலர்களில் அடிக்கடி நடக்கும் தவறு. எழுத்தாளர் யார் பேச்சைக் கேட்பது? குழு தனக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் அதைத் தொகுத்து, ஒரே பதிலாக அனுப்ப வேண்டும். முரண்பட்ட இரண்டு கருத்தில் எதை எடுப்பது என்று முடிவு செய்வது மலர் ஆசிரியரின் வேலை. எழுத்தாளர் தலையில் அதைக் கட்டக்கூடாது.

கடைசியாக, சேர்த்து வைத்த குறைகளை மூன்றாகக் குறையுங்கள். கட்டுரையின் அமைப்பை மாற்றுபவை, உண்மை சார்ந்தவை, எழுத்தாளர் மட்டுமே செய்யக்கூடியவை. இவைதாம் பதிலில் இடம்பெற வேண்டும். எழுத்துப்பிழைகளை நீங்களே திருத்திவிடலாம். முதல் வரைவில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவதில் பயனில்லை. வெட்டப்போகும் பத்தியில் பிழை திருத்தி என்ன ஆகப்போகிறது? அதோடு, முப்பது சிறு குறிப்புகளுக்கு நடுவே மூன்று பெரிய குறிப்புகள் காணாமல் போய்விடும்.

நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அடுத்த காலக்கெடுவை மனத்துக்குத் தோன்றியபடி சொல்லக்கூடாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு.

மலர் வெளியீடு 28ஆம் தேதி, சனிக்கிழமை. பிரதிகள் 26ஆம் தேதி வியாழக்கிழமை கைக்கு வந்துவிட வேண்டும். அச்சகம் ஐந்து வேலைநாள் கேட்கிறது. சனி, ஞாயிறு அதில் சேராது. அப்படியானால் 19ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் அவர்கள் வேலையைத் தொடங்க வேண்டும். 18ஆம் தேதி புதன்கிழமை மாலைக்குள் முழுக்கோப்பும் அச்சகத்தில் இருக்க வேண்டும். அந்தப் புதன்கிழமையை மெய்ப்புப் பார்க்க ஒதுக்கினால், பக்க வடிவமைப்பாளருக்குக் கிடைப்பது திங்களும் செவ்வாயும்தான். எனவே 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் இறுதிக் கட்டுரை அவரிடம் போக வேண்டும். எழுத்துப்பிழை திருத்தவும், திருத்தியதை எழுத்தாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவும் சனி, ஞாயிறு தேவை. ஆக, இரண்டாம் வரைவு 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு வர வேண்டும்.

வரைவு வந்தது 6ஆம் தேதி. மறுநாள் சனிக்கிழமையே பதில் அனுப்பினால் எழுத்தாளருக்கு முழுதாக ஆறு நாள் கிடைக்கும். ‘செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்று 10ஆம் தேதி இரவு அனுப்பினால் மூன்றே நாள். காலக்கெடு நகராது. நாம் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய நாளிலிருந்துதான் போகிறது. சனிக்கிழமைக்குள் முழுப் பதில் எழுத முடியாது என்றால், வரைவு கிடைத்தது, பதில் ஞாயிறு மதியத்துக்குள் வரும் என்றாவது அன்றே ஒரு வரி அனுப்புங்கள். அனுப்பிய கட்டுரைக்கு நாலு நாள் பதில் இல்லாவிட்டால் எழுதியவர் மனத்தில் என்னென்னவோ ஓடும்.

சிலர் பாதுகாப்புக்காக இரண்டு நாள் முன்கூட்டியே ஒரு பொய்த் தேதி சொல்வார்கள். ஒரு முறை அது பலிக்கும். அது பொய் என்று தெரிந்தபின் நாம் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் நம்ப மாட்டார். உண்மைத் தேதியைச் சொல்லி, அதற்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னால் போதும்.

அனுப்ப வேண்டிய பதில்

இப்போது அந்தப் பதிலை எழுதுவோம். புலனத்தில் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ‘மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் அக்கா’ என்று புலனத்தில் ஒரு வரி சொன்னால் போதும். புலனச் செய்தி மேலே ஓடிவிடும். மின்னஞ்சலை அவர் எழுதும் மேசையில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

“வணக்கம் அக்கா. கட்டுரையை நேரத்தோடு அனுப்பியதற்கு நன்றி. நானும் குழுவினரும் படித்தோம். அனைவரின் கருத்தையும் தொகுத்து இதில் எழுதியிருக்கிறேன். இதற்குமேல் வேறு யாரும் தனியாக எழுத மாட்டார்கள்.

ஏழாம் பத்தியில் வரும் பாட்டியின் பேச்சு அப்படியே இருக்கட்டும். மங்கு துடைத்துவிட்டு ஈரக்காலோடு பள்ளிக்கு ஓடும் காட்சி எங்கள் எல்லாருக்கும் மனத்தில் நின்றது. எங்கள் வயது வாசகர்களில் பலர் மங்கு என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று மாற்றங்கள் வேண்டும்.

முதலாவது, தொடக்கம். பள்ளி நான்காம் பத்தியில்தான் வருகிறது. முதல் மூன்று பத்திகளை எடுத்துவிட்டு, பாட்டி ஓடும் காட்சியில் கட்டுரையைத் தொடங்க முடியுமா? அவர் சொன்னது உங்கள் குறிப்பேட்டில் இன்னும் இருந்தால் ஒரு 100 சொல் கூட்டலாம். ஒரு மனிதரின் கதையில் தொடங்க வேண்டும் என்று நான் முதலில் அனுப்பிய குறிப்பில் சொல்லவில்லை. அது என் விடுபடல்.

இரண்டாவது, அளவு. இப்போது 1,460 சொல் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் படத்தோடு 1,050 சொல்லுக்குமேல் இடமில்லை. முதல் மூன்று பத்திகள் போனால் 310 குறையும். போட்டி வெற்றிகளின் பட்டியலிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் இன்னும் 200 குறையும். பாட்டிக்குச் சேர்க்கும் 100 சொல்லோடு கணக்குச் சரியாக வரும். எந்த வெற்றிகளை வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, நான்காம் பத்தியில் ஓர் உண்மை. 1816இல் பினாங்கில் தொடங்கியது தனித் தமிழ்ப்பள்ளி அன்று; பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்ற ஆங்கிலப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பு என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஒருமுறை சரிபார்த்து அந்த வரியை மாற்றித் தாருங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. கடைசிப் பத்தியில் ‘மொழிக்குத் துரோகம்’ என்று வருகிறதே, அது பாட்டி சொன்னதா, உங்கள் கருத்தா? பாட்டி சொன்னது என்றால் அவர் வாய்மொழியாகவே மேற்கோளில் தரலாம். உங்கள் கருத்து என்றால், எங்கள் வாசகர்களில் அத்தகைய பெற்றோரும் இருப்பதால், அந்தச் சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எழுத்துப்பிழைகளை இறுதியில் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாம் வரைவு 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குள் வேண்டும். ஞாயிறு இரவு பக்க வடிவமைப்பாளரிடம் கொடுக்க வேண்டியிருப்பதால் அதற்குமேல் தள்ள இயலாது. புதிய தொடக்கப் பத்தியை மட்டும் செவ்வாய் இரவு அனுப்பினால், போகும் திசை சரிதானா என்று அன்றே சொல்லிவிடுவேன். இந்தத் தேதி உங்களுக்குச் சிரமம் என்றால் நாளைக்குள் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். பேசிய 300 ரிங்கிட் இறுதி வரைவு ஏற்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் உங்கள் கணக்கில் சேரும்.”

இந்தப் பதிலில் கவனிக்க வேண்டியவை

பாராட்டும் குறையைப்போலவே இடம் சுட்டுகிறது. ‘நல்லா இருக்கு’ என்றால் அது குறை சொல்வதற்கு முன் தடவும் எண்ணெய் என்று எழுதுபவருக்குத் தெரியும். ‘ஏழாம் பத்தி அப்படியே இருக்கட்டும்’ என்பது வேலைக்கு உதவும் தகவல். திருத்தும்போது அதில் கை வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு குறையும் மூன்று பகுதிகளாக இருக்கிறது: எந்த இடம், வாசகருக்கு அங்கே என்ன நேர்கிறது, என்ன செய்தால் சரியாகும். ‘சுவாரசியமாக இல்லை’ என்பது தீர்ப்பு. ‘பள்ளி நான்காம் பத்தியில்தான் வருகிறது’ என்பது எழுத்தாளரே எண்ணிப் பார்க்கக்கூடிய உண்மை. தீர்ப்பை மறுத்து வாதாடலாம். பத்தியை எண்ணினால் வாதத்துக்கு வேலை இல்லை. அதே நேரத்தில் புதிய தொடக்கத்தை மாணவரே எழுதி அனுப்பிவிடவில்லை. எங்கே தொடங்கலாம் என்று மட்டும் காட்டிவிட்டு, எழுதுவதை எழுத்தாளரிடம் விட்டுவிட்டார்.

அளவைப் பற்றிய பகுதியில் கூட்டல் கழித்தல் இருக்கிறது. 1,460இல் 310 போனால் 1,150. இன்னும் 200 போனால் 950. பாட்டிக்கு 100 சேர்த்தால் 1,050. ‘ஷார்ட்டா’ என்று மட்டும் சொல்லியிருந்தால், எழுத்தாளர் எல்லாப் பத்தியிலும் இரண்டிரண்டு வரி கிள்ளியிருப்பார். பாட்டியின் ஐந்து வரி மூன்று வரியாகியிருக்கும்.

1816 பற்றிய திருத்தம் ‘தப்பா எழுதியிருக்கீங்க’ என்று வரவில்லை. நான் படித்தது இது, சரிபாருங்கள் என்று வருகிறது. திருத்துபவரும் தவறலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் தவறான வரி அப்படியே அச்சாகிவிடாது என்பதும் உறுதியாகிறது.

துரோகம் என்ற சொல்லைப் பற்றியது கட்டளையாக வராமல் கேள்வியாக வந்திருக்கிறது. விடை தெரியாத இடத்தில் கேள்விதான் கேட்க வேண்டும். ஆனால் விடை தெரிந்த இடத்தில் கேள்வி கேட்பது வேறு. ‘இந்தத் தொடக்கம் சரியாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களா?’ என்று கேட்பது குத்தல். அது வேண்டாம்.

அவர் மறுத்தால்?

பதிலைப் பெற்ற எழுத்தாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் அவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “தம்பி, தொடக்கம், அளவு, 1816 மூன்றும் சரி. துரோகம் என்பது பாட்டி சொன்னதுதான். அதை எடுக்க எனக்கு மனமில்லை. எழுபது வருசமா அவர் மனத்தில் இருப்பது அது.”

இங்கே மலர் ஆசிரியர் யோசிக்க வேண்டும். நாம் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லை மேற்கோளுக்குள் வைத்து, பாட்டி சொன்னார் என்று தெளிவாக்கினால் கட்டுரை யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு மூதாட்டியின் மனக்குறையைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். எனவே ஒப்புக்கொள்ளலாம். நாம் கேட்ட நான்கில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் நம் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் 1816 வரியை ‘அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்’ என்று மாற்ற மறுத்தால் அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. நடை, சொல்தேர்வு, வரிசை ஆகியவற்றில் எழுத்தாளரின் சொல் கனமானது. உண்மை, அளவு, தேதி இவற்றில் மலரின் சொல் கனமானது. இந்த எல்லையை மனத்தில் வைத்திருந்தால் எதில் வளைவது, எதில் நிற்பது என்பதில் குழப்பம் வராது.

வேறோர் இடத்தில் எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று தெரிந்தால், அது திருத்தக் குறிப்பில் எழுதும் விஷயம் அன்று. நேரே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

இரண்டாம் வரைவு வந்தபின்

வெள்ளி இரவு வரைவு வருகிறது. 1,090 சொல். 40 கூடுதல். இப்போது இன்னொரு நீண்ட பதில் எழுத நேரமும் இல்லை, தேவையும் இல்லை. முதல் பதிலில் கேட்டவை நடந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ‘இப்போது பார்த்தால் நடுப்பகுதியும் மாறினால் நன்றாக இருக்கும்’ என்று இரண்டாம் சுற்றில் புதுக் குறை கண்டுபிடிப்பது நியாயமில்லை. முதல் சுற்றில் கண்ணில் படாதது நம் கவனக்குறைவு.

அந்த 40 சொல்லை நீங்களே குறைக்கலாம். கூகுள் டாக்ஸில் Suggesting என்ற முறையில் திருத்தினால், நீங்கள் வெட்டியதும் சேர்த்ததும் அவருக்கு நிறம் மாறித் தெரியும். ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் அவருக்கு வழி இருக்கும். சனிக்கிழமை அனுப்பி, ஞாயிறு மதியத்துக்குள் பதில் கேளுங்கள். அவர் பார்க்காத ஒரு சொல்லும் அவர் பெயரில் அச்சாகக்கூடாது.

ஒருவேளை இரண்டாம் வரைவும் பயன்படவில்லை என்றால்? மூன்றாவது, நான்காவது என்று இழுக்க வேண்டாம். கட்டுரையைப் பயன்படுத்த இயலவில்லை என்று காரணத்தோடு சொல்லி, அவர் செய்த வேலைக்கு ஒரு பகுதிக் கட்டணம் கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதி எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை வேலையைக் கொடுக்கும் நாளிலேயே பேசி எழுதி வைத்திருந்தால், இந்த நேரத்தில் சங்கடம் வராது. அதே போல, திடீரென்று குழுவுக்கு ‘ஆங்கிலச் சுருக்கம் ஒன்றும் வேண்டும்’ என்று தோன்றினால் அதைத் திருத்தம் என்ற பெயரில் கேட்கக்கூடாது. முதல் குறிப்பில் இல்லாதது புதிய வேலை. அதற்குத் தனிக் கட்டணம் பேச வேண்டும்.

மலர் வெளியான பிறகு அவருக்கு இரண்டு பிரதிகளை அனுப்புங்கள். முடிந்தால் அந்தப் பாட்டிக்கும் ஒன்று. ஒரு வாரம் என்று சொன்ன பணம் ஒரு வாரத்தில் போய்ச் சேரட்டும். வெள்ளி இரவு 9 மணி என்று அவருக்குக் கெடு வைத்தவர்கள் நாம்தானே.